மீட்டர் சொல்லாத கிலோமீட்டர்

பழைய பைக் பார்க்கப் போனால், சாவியைக் கேட்பதற்கு முன்பே இன்ஜின் பக்கம் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் வழக்கம். சூடு அடித்தால் அவர்கள் முகம் மாறிவிடும். “இப்பத்தாண்ணே கடைக்குப் போயிட்டு வந்தேன்” என்பார் விற்பவர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆறிப்போன இன்ஜின் முதல் அரை நிமிடத்தில் காட்டிக்கொடுக்கிற சத்தங்களும் புகையும் சூடான இன்ஜினில் அடங்கிவிடும். அதனால் வரும் நேரத்தை முதல் நாளே போனில் சொல்லி, அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2018இல் பதிவான 150 சிசி பைக், ஒரே உரிமையாளர், மீட்டரில் 31,000 கிலோமீட்டர். பெயின்ட் பளபளக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. இதை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சேசிஸிலிருந்து. இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம். வளைந்த சேசிஸை ஓர் ஒர்க்‌ஷாப்பில் பழைய நேர்த்திக்குக் கொண்டுவருவது அரிது. பார்ப்பதற்குத் தேவைப்படுவது ஒரு நீளமான நூல்தான். முதலில், பின்சக்கரத்தின் இரு பக்கமும் செயின் அட்ஜஸ்டரில் உள்ள கோடுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்திருந்தால் சக்கரமே கோணலாக நிற்கும், பழி சேசிஸ் மேல் விழும். அதைச் சரிசெய்த பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நூலைப் பின் டயரின் பின்புறமாகச் சுற்றி, அதன் இரு விளிம்புகளையும் தொட்டபடி முன்சக்கரத்தைத் தாண்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். முன் டயர் பெரும்பாலும் பின் டயரைவிட ஒடுக்கமானது என்பதால், நூலுக்கும் முன் டயருக்கும் இடையே இரு பக்கமும் கொஞ்சம் இடைவெளி தெரியும். சக்கரம் நூலுக்கு இணையாக வரும்வரை ஹேண்டிலைத் திருப்பிவிட்டு அந்த இடைவெளிகளைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இரு பக்கமும் இடைவெளி சமமாக இருந்தும் ஹேண்டில்பார் மட்டும் ஒரு பக்கம் பார்த்து நின்றால், வண்டி எப்போதோ விழுந்ததில் ஃபோர்க் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். குழாய்கள் வளையாமல் இருந்தால், போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி மறுபடி முறுக்கினால் முடிந்தது. சக்கரம் இணையாக நின்றும் இடைவெளிகள் சமமாக இல்லையென்றால் ஃபோர்க்கோ ஸ்விங் ஆர்மோ சேசிஸோ வளைந்திருக்கிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம்.

நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. நேருக்கு நேர் மோதிய வண்டியில் ஸ்டீரிங் தலைப்பகுதி பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும். சக்கரங்கள் ஒரே கோட்டில் இருப்பதால் நூலில் அது தெரியாது. அதற்கு டேங்குக்கு முன்னால், ஹேண்டிலுக்குக் கீழே சேசிஸ் குழாய்கள் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தாலும், கம்பெனி வெல்டிங்குக்குப் பக்கத்தில் வேறு வெல்டிங் தெரிந்தாலும் அடி பலமாக விழுந்திருக்கிறது என்று பொருள். பல வண்டிகளில் சேசிஸ் நம்பரும் அதே பகுதியில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடவும், அந்த இடம் ராவப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் அதுவே சமயம்.

நம் 150 சிசி வண்டியில் இடைவெளிகள் சமம், ஹேண்டில் மட்டும் சற்று இடப்பக்கம் பார்க்கிறது. பெயின்ட்டில் வெடிப்பு இல்லை. விழுந்த வண்டிதான், ஆனால் மோதிய வண்டி அல்ல.

இனி சாவியைப் போடலாம். ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். குளிர்ந்த காலையில் வரும் மெல்லிய வெண்புகை வெறும் ஈரம், உடனே மறைந்துவிடும். நீலம் கலந்த புகை, இன்ஜின் ஆயில் எரிவதன் அடையாளம். அது ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். செலவு பல மடங்கு கூடும்.

சத்தங்களில் மூன்றைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும். இன்ஜினின் தலைப்பகுதியில் ஒரே சீராக வரும் ‘டிக் டிக்’ பெரும்பாலும் டேப்பட் இடைவெளி. அட்ஜஸ்ட் செய்தால் அடங்கும். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளிலும், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போதும் வரும் ‘கரகர’ சத்தம் டைமிங் செயினும் அதை இறுக்கிவைக்கும் டென்ஷனரும் தளர்ந்ததால் வருவது. இன்ஜினின் அடியிலிருந்து, மேட்டில் ஏறும்போதோ ஆள் ஏற்றிப் போகும்போதோ கனமாக ‘டொக் டொக்’ என்று கேட்டால் கனெக்டிங் ராடின் பேரிங் போயிருக்கலாம். இன்ஜினை முழுதாக இறக்கிப் பிரிக்க வேண்டிய வேலை அது.

நம் வண்டியில் புகை இல்லை. டைமிங் செயின் சத்தம் இருக்கிறது. மாற்றக்கூடியதுதான். ஆனால் இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வேளாவேளைக்கு ஆயில் மாற்றிய வண்டியில் 31,000 கிலோமீட்டருக்குள் அந்த செயின் தளர்வது வழக்கமல்ல. ஒன்று, ஆயில் மாற்றவில்லை. இல்லையென்றால் மீட்டரில் உள்ள எண் சரியில்லை.

இதற்கான பதில் சர்வீஸ் பதிவுகளில் இருக்கும். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் அன்றைய மீட்டர் எண்ணும் பதிவாகும். உரிமையாளரை உடன் அழைத்துச் சென்றால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் 41,200 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று 31,000 என்றால்? “மீட்டர் மாத்தினோம்ணே” என்கிறார் விற்பவர். மாற்றிய பில்லைக் காட்டினால், அதே மாதத் தேதி இருந்தால், அவர் சொல்வது உண்மை. அப்படியானால் வண்டி ஓடியது இரண்டும் சேர்ந்து 72,200 கிலோமீட்டர். டைமிங் செயின் சத்தத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டது. பில் இல்லையென்றால், பேரம் பேசாமல் கிளம்புவதே உத்தமம்.

இன்சூரன்ஸ் தாளிலும் ஒரு வரி உதவும். சொந்த சேதத்துக்கும் பாலிசி எடுத்திருந்தால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ சதவீதம் அதில் இருக்கும். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20, தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு 50. பழைய வண்டிக்கு அது பூஜ்யம் என்றால் அண்மையில் விபத்துக்குப் பணம் வாங்கியிருக்கலாம். 90 நாளுக்கு மேல் பாலிசி விட்டுப்போயிருந்தாலும் பூஜ்யமாகும். எது என்று கேட்டுவிட வேண்டும்.

பில் கிடைத்துவிட்டால் நம் வண்டியை வாங்கத் தடையில்லை, 72,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் விலைக்கு. அதிலிருந்து டைமிங் செயின் வேலைக்கான செலவையும் கழித்துக்கொள்ளலாம். ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான படிவம் 35இல் அவர்கள் கையெழுத்து வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்திட வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். பேசிய தொகையில் ஒரு பகுதியை, ஆர்சி தன் பெயரில் வந்த பிறகு தருவதாக முன்கூட்டியே எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு.