குரோம்புக்கின் அடியில் எழுதப்படாத காலாவதித் திகதி

பால்மா பக்கெட்டை எடுத்தால் முதலில் திகதியைப் பார்க்கிறோம். பிள்ளையின் படிப்புக்கு லெப்டொப் வாங்கும்போது அப்படிப் பார்ப்பதில்லை. எனது உறவினர் ஒருவர் உயர்தரம் படிக்கும் மகளுக்காக, பாவித்த குரோம்புக் ஒன்றை விலை குறைவு என்று வாங்கி வந்தார். திரை தெளிவு, பெட்டரியும் பரவாயில்லை. சில நாட்களிலேயே, இந்தக் கருவிக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது என்ற அறிவித்தல் திரையில் வந்தது. கடைக்காரர், "மெஷின் வேலை செய்யுதுதானே" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

குரோம்புக் என்பது கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் இயங்கும் கணினி. ஒவ்வொரு மொடலுக்கும் கடைசி அப்டேட் எந்த மாதம், எந்த ஆண்டு என்று கூகுள் முன்கூட்டியே நிர்ணயித்திருக்கிறது. இந்தக் காலம் முன்பு குறைவாக இருந்தது. 2023 செப்டெம்பரில் அது 10 ஆண்டுகளாக நீடிக்கப்பட்டது.

பலரும் ஏமாறுவது இங்கேதான். அந்த 10 ஆண்டுகள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்தக் கருவியின் அடிப்படையான வன்பொருள் தளம் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. ஆகவே பெட்டி உடைக்காத புதிய கருவியாக இருந்தாலும், கடைத் தட்டில் கிடந்த ஆண்டுகள் கழிந்தவைதான்.

திகதி கடந்ததும் கருவி நின்றுவிடாது. ஆனால் அதிலுள்ள குரோம் பிரவுசரும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. காலப்போக்கில் சில இணையத்தளங்கள் பழைய பிரவுசரை ஏற்க மறுக்கும். வங்கிக் கணக்கைத் திறப்பதற்கு அப்படியான கருவியை நம்பக்கூடாது.

திகதியைக் கண்டுபிடிப்பது இரண்டு நிமிட வேலை. கடையிலேயே கருவியை இயக்கச் சொல்லுங்கள். `Settings` திறந்து `About ChromeOS` என்பதற்குச் செல்லுங்கள். அங்கே `Additional details` என்பதை அழுத்தினால், `Update schedule` என்ற இடத்தில் கடைசி அப்டேட்டின் மாதமும் ஆண்டும் இருக்கும்.

ஒன்லைனில் வாங்குவதென்றால், விற்பவரிடம் கருவியின் அடிப்பக்க லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பு கூகுளின் `Auto Update policy` பக்கத்தில் உற்பத்தியாளரின் பெயரைத் தெரிவுசெய்து மொடலைத் தேடுங்கள். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது அவசியம். `HP Chromebook 11 G6 EE`, `HP Chromebook 11 G8 EE` இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் வெவ்வேறு தலைமுறைக் கருவிகள்.

திகதி தெரிந்த பின் விலையை மாதத்தால் வகுத்துப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, 30,000 ரூபாவுக்கு ஒரு கருவி, மிச்சம் 9 மாதம். மாதத்துக்கு ஏறத்தாழ 3,333 ரூபா விழுகிறது. இன்னொன்று 48,000 ரூபா, மிச்சம் 48 மாதம். மாதத்துக்கு 1,000 ரூபாதான். விலை குறைந்தது முதலாவது, மலிவானது இரண்டாவது.

2021க்கு முன் வெளியான பல மொடல்களில், தானியங்கி அப்டேட் முடிந்த பின் உரிமையாளரே விரும்பி நீடிப்பைத் தெரிவுசெய்யலாம். ஆனால் அப்போது அண்ட்ரொயிட் செயலிகளும் வேறு சில வசதிகளும் இல்லாமல் போகக்கூடும். பிள்ளையின் வகுப்பு ஒரு செயலியில் நடந்தால் இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. வெளிநாட்டுப் பாடசாலைகள் பாவித்துக் கழித்த குரோம்புக்குகள் சிலவேளை அந்தப் பாடசாலையின் நிர்வாகத்திலிருந்து விடுவிக்கப்படாமலேயே விற்பனைக்கு வருகின்றன. கருவியை முழுமையாக அழித்து வைஃபையில் இணைக்கச் சொல்லுங்கள். நிறுவனமொன்றில் பதியும்படி திரை வற்புறுத்தினால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பூட்டை அந்த நிறுவனம்தான் திறக்கமுடியும்.

குரோம் ஓஎஸ் டெப்களிலும் இதே வழிதான். அண்ட்ரொயிட் டெப்களில் இப்படி ஒரு முடிவுத் திகதி பொதுவாகக் காட்டப்படுவதில்லை. `Settings` உள்ளே டெப் பற்றிய பகுதியில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் திகதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதியதைத் தேடினாலும் ஒன்றும் வராவிட்டால், அதன் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. புதிதாக வாங்குவதென்றால், எத்தனை ஆண்டு அப்டேட் என்று உற்பத்தியாளர் சொன்னதை, அந்த மொடல் வெளியான திகதியுடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

உறவினரின் மகள் அந்தக் குரோம்புக்கில் இப்போது பாடக் குறிப்புகளை மட்டும் தட்டச்சு செய்கிறாள். வாப்பாவின் வங்கி வேலை அதில் நடப்பதில்லை.