எந்தக் கேள்வியில் தடுமாறுகிறாள்?

டியூஷன் ஆசிரியர் மாதக் கடைசியில் அனுப்பும் குறிப்பில் "நன்றாக வாசிக்கிறாள், இன்னும் கவனம் தேவை" என்று மட்டும் இருந்தால், அதை வைத்துக்கொண்டு பெற்றோர் என்ன செய்வார்கள்? "கவனமாகப் படி" என்று பிள்ளையைக் கூடுதலாக இரண்டு முறை அதட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இப்படி ஒரு பத்தி கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'விடிந்ததும் முருகன் வாசலுக்கு வந்தான். தெருவெல்லாம் சேறு. மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தது நினைவுக்கு வரவே, பாட்டியின் முகம் வாடியது.'

முருகன் எங்கே வந்தான் என்றால் சட்டென்று பதில் வருகிறது. இரவில் என்ன நடந்திருக்கும் என்றால், "அது இதில் போடவில்லையே" என்கிறாள். பாட்டிக்கு ஏன் வருத்தம்? "தெரு சேறாக இருந்ததால்." மழை என்ற சொல் பத்தியில் இல்லை. சேற்றையும் மிளகாயையும் சேர்த்து மழையை அவளே வரவழைக்க வேண்டும். அவள் தடுமாறுவது அங்கேதான்.

ஆனால் உடனே அப்படி எழுதிவிடக் கூடாது. பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக வாசிக்கும் திறனையும் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளுதல். எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். ஆகவே அதே அளவுள்ள வேறொரு பத்தியை ஆசிரியர் உரக்க வாசித்துக் காட்டி, அதே வகைக் கேள்விகளைக் கேட்க வேண்டும். காதால் கேட்டபோது பதில் வந்துவிட்டால், எழுத்துக்கூட்டுவதிலேயே அவள் சக்தி செலவாகிறது என்று அர்த்தம். அப்போதும் வராவிட்டால் குறை ஊகிப்பதில். இதையும் அவளுக்குப் பழக்கமான விஷயம் பற்றிய இரண்டு மூன்று பத்திகளில் பார்ப்பது நல்லது. மாடியில் மிளகாய் காய்வதையே பார்த்திராத பிள்ளைக்குப் பாட்டியின் கவலை எப்படிப் புரியும்?

இவ்வளவும் பார்த்த பிறகு எழுதும் குறிப்பு இப்படி அமையலாம்:

"தங்கள் மகள் தடையின்றி வாசிக்கிறாள். யார், எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறாள். நேரடியாகச் சொல்லப்படாததை இரண்டு வரிகளைச் சேர்த்து ஊகிப்பது இன்னும் வரவில்லை. நான் வாசித்துக் காட்டியபோதும் இதே நிலைதான். தினமும் பத்து நிமிடம் ஒரு சிறு பத்தியை வாசிக்கச் சொல்லி, 'ஏன்' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொன்னதும், எந்த வரியைப் பார்த்துச் சொன்னாள் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிட வேண்டாம். நான்கு வாரம் கழித்துப் புதிய பத்திகளில் மறுபடி பார்க்கிறேன்."

விரல் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சரியான வரிகளைத் தொட்டுவிட்டுத் தவறான விடை சொல்லும் பிள்ளைக்குத் தடயம் கண்ணில் படுகிறது, சேர்க்கத்தான் தெரியவில்லை. எந்த வரியையும் தொடாமல் விடை சொல்பவள் குருட்டாம்போக்கில் சொல்கிறாள்; அவளைப் பத்திக்குத் திரும்பிப் பார்க்கப் பழக்குவதுதான் முதல் வேலை.