சான்றிதழின் பொடி எழுத்து

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஜி.ஐ.ஏ. வைரச் சான்றிதழின் படத்தை அனுப்புகிறார்: 1.01 காரட், நிறம் ஜி, தெளிவு எஸ்.ஐ.2. இதே தரமுள்ள மற்ற கற்களைவிட விலை கணிசமாகக் குறைவு. காரணம் ‘கமென்ட்ஸ்’ பகுதியின் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கலாம். தெளிவுத் தரம், வரைபடத்தில் காட்டப்படாத ‘க்ளவுட்’களை வைத்து முடிவானது என்று அங்கே இருந்தால் நிதானியுங்கள். மிக நுண்ணிய புள்ளிகள் கல்லுக்குள் பரவி, பால் கலந்த நீர்போல அதை மங்கலாக்கியிருக்கக்கூடும். வரைபடம் வெறுமையாக இருப்பது சுத்தத்துக்கு அடையாளமல்ல. இப்படிப்பட்ட எல்லாக் கல்லும் மங்குவதில்லை. தெளிவான கல்லுக்குப் பக்கத்தில் வைத்து நேரில் பார்த்தால்தான் தெரியும். படத்தில் அந்தப் பகுதி வெட்டுப்பட்டிருந்தால், அறிக்கை எண்ணை ஜி.ஐ.ஏ. இணையதளத்தில் இட்டு விவரங்களை ஒப்பிடுங்கள். திருத்திய படமும் அங்கே பிடிபடும்.