வடை தின்ற கையும் வைரஸ் உறையும்

உளுந்து வடை தின்ற கையைக் குழாயடியில் காட்டிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். பிசுக்கு கையிலேயே இருக்கும். வடையைத் தொடாத கையிலும் கொஞ்சம் பிசுக்கு உண்டு. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது என்றாலும், முகத்தையும் தலைமுடியையும் தொட்டுத் தொட்டு அங்கே எண்ணெய் படிந்துவிடுகிறது. கிருமிகள் ஒட்டிக்கொள்வது அந்தப் படலத்தில்தான். எண்ணெயோடு சேராத தண்ணீர் அதன் மேலாக வழிந்து போய்விடுகிறது.

சோப்பு மூலக்கூறு ஒரு தலைப்பிரட்டை மாதிரி. தலை தண்ணீரை நாடும். வால் தண்ணீரை வெறுத்து எண்ணெய்க்குள் புகும். நுரைத்துத் தேய்க்கும்போது ஆயிரமாயிரம் வால்கள் எண்ணெயில் குத்தி, அதைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரித்துச் சூழ்ந்துகொள்ளும். தலைகள் எல்லாம் வெளிப்பக்கம் இருப்பதால், தண்ணீர் அந்த உருண்டைகளைக் கிருமியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கொரோனா, இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்களுக்கு இதைவிட மோசமான கதி. அவற்றின் வெளியுறையே கொழுப்பால் ஆனது. சோப்பின் வால் அந்தக் கொழுப்பையும் எண்ணெய் என்றே எண்ணி உள்ளே நுழைகிறது. உறை பிளந்து, உள்ளே இருப்பது சிதறுகிறது. அதன்பின் அந்த வைரஸால் யாரையும் தொற்ற முடியாது.

எல்லாக் கிருமியும் இப்படி உடையாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லை, புரத ஓடுதான். ஆல்கஹால் சானிடைசருக்கே அது எளிதில் மசியாது. பாக்டீரியாக்களிலும் பல, சாதாரண சோப்பில் உயிரோடுதான் இருக்கும். இவற்றைக் கையிலிருந்து பெயர்த்து, சாக்கடைக்கு அனுப்புவதுதான் சோப்பின் வேலை. அதற்கு 20 விநாடித் தேய்ப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். நகத்தடி, விரலிடுக்கு, கட்டைவிரல் ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகிற இடங்கள்.

2011இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், பொது இடங்களின் கதவுப் பிடிகளையும் கைப்பிடிக் கம்பிகளையும் தொட்ட 20 பேரின் கைகளைப் பலமுறை சோதித்தார்கள். கழுவாத கைகளில் 44 சதவீதத்தில் மலத்திலிருந்து வரக்கூடிய பாக்டீரியாக்கள் இருந்தன. வெறும் தண்ணீரில் கழுவியபோது 23 சதவீதம். சோப்பு போட்டபோது 8. அவர்கள் பயன்படுத்தியது கிருமிநாசினி சேர்க்காத சாதாரண சோப்பு. ‘கிருமிகளைக் கொல்லும்’ என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை வீட்டு உபயோகக் கிருமிநாசினிச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் சொல்லிவிட்டது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்பதற்குப் போதிய சான்றை உற்பத்தியாளர்கள் தரவில்லை.

போர்வெல் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கடினநீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, வாளியில் வெள்ளை ஏடாக மிதக்கும். அந்த அளவு சோப்பு வீண்தான். கை வழுக்கி நுரைக்கும்வரை இன்னும் கொஞ்சம் போட்டுத் தேய்க்க வேண்டும்.