எந்த வரியில் மார்க் போனது?

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வின் இயற்பியல் விடைத்தாள்களை வகுப்பில் கொடுத்த மறுநாள், ஆசிரியரின் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “மரியாதைக்குரிய ஐயா, 36-ஆவது கேள்வியில் ஒரே ஓர் இடத்தில்தான் தவறு செய்திருக்கிறேன். அதற்கு ஐந்தில் ஒரு மார்க்தான் போட்டிருக்கிறீர்கள். நான்கு வரவேண்டும் என்று நினைக்கிறேன். 18-ஆவது கேள்வியில் லென்ஸ் விதியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு சொல் விட்டுப்போனதற்கு ஒரு மார்க் குறைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி பார்க்கவும்.”

இதற்கு ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. ஒன்று, “பார்த்துட்டேன்பா, சரியாத்தான் இருக்கு.” மற்றது, பையனின் முகத்தைப் பார்த்து மனமிரங்கி அரை மார்க்கோ ஒரு மார்க்கோ கூட்டிப்போட்டு அனுப்புவது. இரண்டையும் என்னால் பதிலாக ஏற்க முடியாது. முதலாவதில் மாணவனுக்குத் தன் தவறு எங்கே என்று தெரியாமலே போகிறது. இரண்டாவதில் கேட்டவனுக்கு மார்க் கிடைக்கிறது, கேட்கக் கூச்சப்பட்டவனுக்குக் கிடைப்பதில்லை. மாணவனுக்குத் தேவை, எந்த வரிக்கு எத்தனை மார்க், ஏன் என்று சொல்லும் பதில்.

அதற்கு முதலில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஏற்கெனவே போட்ட மார்க்கைத் தாள் துண்டால் மறைத்துவிட்டு, விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த விடையைப் புதிதாகத் திருத்தவேண்டும். பழைய சிவப்பு மை கண்ணில் பட்டால் மனம் அதற்கே நியாயம் தேடத் தொடங்கிவிடும். பள்ளியில் இன்னோர் இயற்பியல் ஆசிரியர் இருந்தால் அவர் கையில் கொடுப்பது இன்னும் நல்லது.

36-ஆவது கேள்வி இதுதான்: 12 வோல்ட் மின்னியக்கு விசையும் 1 ஓம் அகமின்தடையும் கொண்ட மின்கலத்துடன், பக்க இணைப்பில் உள்ள 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் இணைக்கப்பட்டுள்ளன. மின்னோட்டத்தையும், மின்கலத்தின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டையும் காண்க. விடைக்குறிப்பில் பக்க இணைப்பின் சூத்திரத்துக்கு 1, தொகுபயன் மின்தடை 2 ஓம் என்று கண்டதற்கு 1, மின்னோட்டச் சமன்பாட்டுக்கு 1, விடை 4 ஆம்பியருக்கு 1, முனை மின்னழுத்தம் 8 வோல்ட்டுக்கு 1. கடைசி இரண்டு விடைகளிலும் அலகுக்கு அரை மார்க் அடங்கியிருக்கிறது.

இந்தப் பையனின் விடையில் முனை மின்னழுத்தம் 4 என்று இருக்கிறது. மறுபடி திருத்திப் பார்த்தபின் ஆசிரியர் எழுதும் பதில் இப்படி இருக்கலாம்:

“அன்புள்ள தம்பி,

உன் 36-ஆவது விடையை முதலிலிருந்து மறுபடி திருத்தினேன். முதல் வரியில் 1/R = 1/6 + 1/3 என்று எழுதியிருக்கிறாய். சரி, 1 மார்க். அடுத்த வரியில் 1/R = 1/2 என்பதுவரை சரியாக வந்துவிட்டு, அதையே R = 1/2 ஓம் என்று எழுதிவிட்டாய். தலைகீழாக்கியிருந்தால் 2 ஓம் வந்திருக்கும். இந்த வரிக்கு மார்க் இல்லை.

மூன்றாவது வரியில் மின்னோட்டம் = மின்னியக்கு விசை / (R + r) என்று எழுதி, அகமின்தடையையும் மறக்காமல் சேர்த்திருக்கிறாய். 1 மார்க். உன் கையில் இருந்த 0.5 ஓமை வைத்துக் கணக்கிட்டால் 12/1.5 = 8 ஆம்பியர். அதைச் சரியாகக் கணக்கிட்டு அலகும் போட்டிருக்கிறாய். 1 மார்க். கடைசி வரியில் 8 × 0.5 = 4. உன் எண்களின்படி இதுவும் சரி. ஆனால் வோல்ட் என்று எழுதவில்லை. அரை மார்க்.

ஆக மொத்தம் 3½. முன்பு 1 போட்டிருந்தது. நீ கேட்ட 4 வராததற்குக் காரணம் அந்த அலகு மட்டுமே.

18-ஆவது கேள்வியில் மாற்றம் இல்லை. தூண்டப்பட்ட மின்னோட்டம் காந்தப்பாயத்தை எதிர்க்கும் என்று எழுதியிருக்கிறாய். காந்தப்பாயத்தின் மாற்றத்தை எதிர்க்கும் என்பதே விதி. கம்பிச்சுருளை நோக்கிக் காந்தத்தைக் கொண்டுவரும்போது பாயம் கூடுகிறது. தூண்டப்பட்ட மின்னோட்டம் அதை எதிர்க்கிறது. அங்கே நீ எழுதியது பொருந்தும். காந்தத்தை விலக்கும்போது பாயம் குறைகிறது. அப்போது தூண்டப்பட்ட மின்னோட்டம் அந்தப் பாயம் குறையாமல் தாங்கத்தான் பார்க்கிறது. நீ எழுதியபடி எடுத்துக்கொண்டால் அங்கே மின்னோட்டத்தின் திசையே தவறாக வரும். அதனால் அந்தச் சொல்லுக்கு ஒரு மார்க் உண்டு.

இரண்டு கேள்விக்கும் சேர்த்து உனக்கு 2½ மார்க் கூடுகிறது. சந்தேகம் இருந்தால் இடைவேளையில் விடைத்தாளோடு வா, சேர்ந்து பார்ப்போம்.”

36-க்கு முதலில் ஏன் ஒரு மார்க் மட்டும் விழுந்தது என்பதை இந்தப் பதிலிலிருந்தே ஊகிக்கலாம். திருத்துபவரின் கண் 2, 4, 8 என்ற எண்களைத் தேடிப் போயிருக்கிறது. இந்தத் தாளில் இருந்தவை 0.5, 8, 4. சூத்திரத்துக்கு மட்டும் ஒன்று போட்டுவிட்டு மற்றதை அடித்துவிட்டார். கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது. ஒரு தவறுக்கு ஒரு முறைதான் மார்க் குறைக்கவேண்டும். அந்தத் தவறான எண்ணை வைத்துக்கொண்டு பின்னால் சரியாகச் செய்த வேலைக்கு மார்க் தரவேண்டும் என்பது படிப்படியாக மார்க் போடும் முறையின் அடிப்படை. ஸ்டெப் மார்க் என்று நாம் சொல்வது சூத்திரத்துக்கு அனுதாப மார்க் போடுவதோடு முடிகிற விஷயமில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு, அதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இதே பையன் அகமின்தடையை மறந்திருந்தால் மின்னோட்டம் 12/2 = 6 ஆம்பியர் என்றும், முனை மின்னழுத்தம் 6 × 2 = 12 வோல்ட் என்றும் வந்திருக்கும். தன் எண்களின்படி அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான். ஆனால் மின்னியக்கு விசைக்கும் முனை மின்னழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிக்கத்தான் அந்தக் கடைசிப் பகுதியே கேட்கப்பட்டது. அவன் செய்த தவறு அந்தச் சோதனையையே இல்லாமல் செய்துவிட்டது. அங்கே பின்தொடரும் மார்க் தரமுடியாது. தவறுக்குப் பிறகும் கேள்வியின் கடினம் அப்படியே இருக்கிறதா, கரைந்துபோய்விட்டதா என்று பார்த்தால் போதும், முடிவு தெரிந்துவிடும்.

நேரில் வரும் மாணவனுக்கு நான் இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பேன். பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை, இருப்பதில் சிறிய மின்தடையைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்று எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 0.5 ஓம் 3 ஓமைவிடக் குறைவுதான். அதனால் அந்தச் சோதனையில் இந்தத் தவறு தப்பித்துக்கொண்டது. ஆனால் இரண்டும் 3 ஓமாகவே இருந்திருந்தால் தொகுபயன் 1.5 ஓம். ஒன்றை 6 ஓமாகக் கூட்டினால் அது இன்னும் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே விடை 1.5-க்கும் 3-க்கும் நடுவில்தான் இருக்கமுடியும். தேர்வறையில் பத்து விநாடி செலவழித்திருந்தால் ஐந்து மார்க்கும் கைக்கு வந்திருக்கும்.

பொதுத்தேர்வில் மாணவனுக்கு இப்படி ஒரு கடிதம் வராது. திருத்தும் முகாமில் உதவித் தேர்வாளர் திருத்தியதை மேலே உள்ளவர்கள் சரிபார்க்கிறார்கள், ஆனாலும் தவறு நழுவத்தான் செய்கிறது. அங்கே கடிதத்தின் இடத்தில் இருப்பது விடைத்தாள் நகல். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவனுக்கு உண்டு என்று, சி.பி.எஸ்.இ.-க்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளித்தது. பார்க்கும் உரிமைதான் அது. மறுபடி திருத்தித் தரவேண்டும் என்று கேட்பதற்கு அந்தந்தத் தேர்வின் விதியில் இடம் இருக்கவேண்டும் என்பதை 1984-லேயே மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களுக்கு அந்த இடம் இருக்கிறது. முதலில் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவுசெய்யலாம். நகல் கைக்கு வந்ததும் பலர் விண்ணப்பம் போட ஓடுகிறார்கள். அதற்குமுன், மேலே ஆசிரியர் செய்த வேலையை மாணவனே தன் விடைக்குச் செய்யவேண்டும். எல்லா விடைக்கும் எதிரே மார்க் விழுந்திருக்கிறதா, உள்ளே இருப்பது முகப்புப் பக்கத்துக்குச் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கூட்டிப்பார்க்கவேண்டும். கணக்கு இடித்தால் மறுகூட்டல் போதும். கூட்டல் சரியாக இருந்து, இந்த 36-ஆவது விடைபோல ஏதாவதொரு வரிக்கு வரவேண்டிய மார்க் வரவில்லை என்றால்தான் மறுமதிப்பீடு. இந்தக் கட்டத்தில் பாட ஆசிரியரைக் கூட வைத்துக்கொள்ளவேண்டும். மார்க் குறையவும் கூடும், சி.பி.எஸ்.இ. மறுமதிப்பீட்டில் ஒரு மார்க் குறைந்தாலும் குறைந்ததுதான் நிற்கும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். ‘நன்றாகத்தானே எழுதினேன்’ என்ற எண்ணத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டக்கூடாது.

பள்ளித் தேர்வுக்கே திரும்பினால், அந்தப் பதிலை எழுதிக் கொடுத்த பிறகும் ஆசிரியருக்கு ஒரு வேலை மீதி இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை என்பதுதான் என் குறை. 36-ஆவது கேள்வியில் பின்தொடரும் வேலைக்கு மார்க் போடாமல் விட்டது இந்த ஒரு தாளில் மட்டும் நடந்திருக்க வாய்ப்பில்லை. தலைகீழாக்க மறந்தவர்கள் வகுப்பில் இன்னும் சிலர் இருப்பார்கள். 6-க்கும் 3-க்கும் கூட்டல் தவறாகப் போட்டு வேறு எண்ணோடு போனவர்களும் இருப்பார்கள். அவர்கள் யாரும் விண்ணப்பம் தரவில்லை. விடைத்தாள்களைத் திரும்ப வாங்கி, அந்த ஒரு கேள்வியை மட்டும் எல்லாத் தாளிலும் புரட்டிப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். மார்க் மாறுகிற தாள்களில் பழைய எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, புதியதைப் பக்கத்தில் எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இட்டு, மதிப்பெண் பட்டியலிலும் திருத்திவிட்டு, யார் யாருக்கு ஏன் மாறியது என்று வகுப்பில் சொல்லிவிடவேண்டும்.