தேட வேண்டியது பாஸ்வேர்டை அல்ல

வீரகேரளம்புதூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர், பழைய ஆல்பங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்கை விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டிவிட்டு பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சுரண்டையிலோ தென்காசியிலோ கடைக்குப் போனால், "திறந்துடலாம், அட்வான்ஸ் கொடுங்க" என்று சொல்ல யாராவது இருப்பார்கள்.

அவசரப்பட வேண்டாம். பீரோவை உடைத்தால் நகை நகையாகவே கிடைக்கும். டிஸ்கை உடைத்தால் அப்படி இல்லை. படங்களே கலைத்து எழுதப்பட்டிருக்கின்றன. போர்டை மாற்றினாலும் அந்தக் குழப்பம் தெளியாது.

ஆனால் பிட்லாக்கர் போடும்போது 48 இலக்க மீட்புச் சாவியை எங்காவது சேமித்தால்தான் விண்டோஸ் மேலே போக விடும். ஆகவே அது மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ, ஒரு கோப்பிலோ, அச்சடித்த தாளிலோ ஒருகாலத்தில் இருந்திருக்கிறது. முதலில் `aka.ms/myrecoverykey` பக்கத்தில் அன்று பயன்படுத்திய கணக்கோடு நுழையுங்கள். மனைவி பெயரிலோ கடைப் பெயரிலோ பழைய மின்னஞ்சல் இருந்தால் அதையும் பாருங்கள். பிறகு பழைய கணினிகளிலும் பென்டிரைவ்களிலும் `BitLocker Recovery Key` என்று தேடுங்கள். டிஸ்க் கேட்கும் திரையில் தெரியும் Key ID-யும் சாவிக்கு மேலே உள்ள ஐடியும் பொருந்தினால் அதுதான் சாவி. தானாகத் திறக்கும்படி அமைத்த கணினி ஏதேனும் இருந்தால், அதில் டிஸ்கைச் செருகி, திறந்தவுடனேயே எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள்.

சாவி கிடைக்காவிட்டால் மிஞ்சுவது யூகம். பிட்லாக்கர் ஒவ்வொரு யூகத்தையும் பத்து லட்சம் முறைக்கு மேல் அரைத்த பிறகே சரிபார்க்கும். அதனால் நல்ல கிராபிக்ஸ் கார்டுகூட நொடிக்குச் சில ஆயிரம் யூகம்தான் பார்க்கும். நொடிக்கு 2,000 என்று கொண்டால், பிள்ளை பெயரும் பிறந்த வருஷமும் ஒரு குறியும் என்ற வழக்கம் நினைவிருந்து 24,000 சேர்க்கைகள் வந்தால் 12 நொடி போதும். ஒன்றுமே நினைவில்லாத எட்டுச் சிறிய எழுத்து என்றால் மூன்று வருஷத்துக்கு மேல். பெரிய எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால் மூவாயிரம் வருஷத்தைத் தாண்டும். ஆக, கடைக்காரர் திறமையைவிட உங்கள் நினைவுத் துணுக்குகளுக்குத்தான் மதிப்பு. அவற்றை இன்றே தாளில் எழுதுங்கள்.

எல்லா டிஸ்கும் இப்படிப் பொறுமையாக இருக்காது. ஸ்டெஃபான் தாமஸ் என்ற நிரலாளர் 7,002 பிட்காயினின் சாவிகளை வைத்திருந்த அயர்ன்கீ பென்டிரைவ், பத்துத் தவறோடு உள்ளிருப்பதை நிரந்தரமாக மூடிவிடும். எட்டு வாய்ப்பு போய்விட்டதாக 2021-இல் செய்தி வந்தது. வன்பொருள் பூட்டுள்ள டிஸ்கில் கைக்கு வந்ததை அடித்துப் பார்க்காதீர்கள். "Format disk" என்று திரை கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாரண்டி டிஸ்குக்குத்தான், உள்ளிருக்கும் படங்களுக்கு இல்லை. மறந்த பாஸ்வேர்டுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் "உறுதியாகத் திறப்பேன்" என்று பணம் வாங்கி ஏமாற்றியவரைக் கேட்கலாம்: ரசீதோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் ஏமாந்தால் உடனே 1930. டிஸ்கைக் கொடுக்கும் முன், ஃபார்மட் செய்யக்கூடாது, கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.