ஒரே பை, இரண்டு விலை: வெள்ளியில் வாங்குவதா, டாலரில் வாங்குவதா?

இணையக் கடை ஒன்றில் முதுகுப்பை ஒன்றைப் பார்க்கிறீர்கள். சிங்கப்பூர்ப் பக்கத்தில் விலை 189 வெள்ளி. பக்கத்தின் மூலையில் நாட்டை அமெரிக்காவுக்கு மாற்றினால் அதே பை 129 அமெரிக்க டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் இது 167.70 வெள்ளிதான். 21 வெள்ளி மிச்சம் என்று தோன்றும். பலரும் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில், விலை ஏன் மாறுகிறது? கடைக்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு. அன்றைய நாணய மாற்று விகிதத்தின்படி தளமே கணக்கிட்டுக் காட்டும்படி விடலாம். அல்லது ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விலையைத் தாமே நிர்ணயிக்கலாம். விகிதம் தினமும் ஏறி இறங்கினாலும், தாமே நிர்ணயித்த விலை மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். எது என்று கண்டுபிடிப்பது எளிது. இன்றைய விலையைக் குறித்துவைத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். 174.36, 175.02 என்று சில்லறைக் காசுகள் மாறினால் அது தானியங்கிக் கணக்கு. 189 அசையாமல் இருந்தால் அது பெரும்பாலும் கடைக்காரர் வைத்த விலை.

இரண்டாவது காரணம் வரி. சிங்கப்பூரில் பொருள், சேவை வரிக்குப் பதிவுசெய்த கடைகள் வரியைச் சேர்த்தே விலையைக் காட்டவேண்டும். அந்த 189 வெள்ளிக்குள் 9 விழுக்காட்டு வரி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவில் வரி சேர்க்காத விலையைக் காட்டுவதுதான் வழக்கம். ஆகவே 189ஐயும் 129ஐயும் அப்படியே ஒப்பிடுவது, தோலோடு நிறுத்த பலாப்பழத்தையும் சுளையையும் ஒரே தராசில் வைப்பது போலத்தான்.

இனி டாலர் விலையைக் கடைசிவரை கொண்டுபோவோம். சிங்கப்பூருக்கு அனுப்ப 12 டாலர் என்றால் மொத்தம் 141 டாலர், அதாவது 183.30 வெள்ளி. 400 வெள்ளிக்கு மேற்படாத பொருள்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ அஞ்சலிலோ வந்தாலும், 2023ஆம் ஆண்டு முதல், இங்கே வரிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் வாங்கும்போதே வரியை வசூலிக்கிறார்கள். 9 விழுக்காட்டைச் சேர்த்தால் 199.80 வெள்ளி. அதன்மேல், வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தினால் இங்குள்ள பல வங்கி அட்டைகள் ஏறக்குறைய 3.25 விழுக்காட்டுக் கட்டணம் எடுக்கின்றன. அட்டைக் கணக்கில் கடைசியாக வருவது 206.29 வெள்ளி.

21 வெள்ளி மிச்சம் என்று நினைத்தது, 17 வெள்ளி கூடுதல் செலவாகிவிட்டது. வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத பல நாணய அட்டை வைத்திருந்தாலும் 199.80 வெள்ளி ஆகும். சிங்கப்பூர்ப் பக்கத்து விலையே குறைவு. வரிக்குப் பதிவுசெய்யாத சிறு கடையாக இருந்தால் வரி சேராது. அப்போது கட்டணத்தோடு 189.26 வெள்ளி வரும். 26 காசு வித்தியாசத்துக்காக இரண்டு வாரம் பார்சலுக்குக் காத்திருப்பானேன்?

பணம் செலுத்தும் கட்டத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. "சிங்கப்பூர் வெள்ளியில் செலுத்துகிறீர்களா?" என்று சில தளங்கள் கேட்கும். அன்பான கேள்வி போலத் தெரிந்தாலும், அங்கே மாற்று விகிதத்தை முடிவுசெய்வது உங்கள் வங்கி அல்ல. மேலே சொன்ன அதே 153.69 டாலருக்குத் திரையில் 207.79 வெள்ளி என்று காட்டினால், வெள்ளியை டாலரால் வகுத்துப் பாருங்கள். 1.352 வருகிறது. சந்தை விகிதம் 1.30 எனில், 4 விழுக்காடு அங்கேயே போய்விட்டது. பணம் வெளிநாட்டில் கையாளப்படுவதால், வெள்ளியில் செலுத்தினாலும் சில வங்கிகள் மேலும் 1 விழுக்காடு எடுக்கும். அப்படியென்றால் 209.87 வெள்ளி. டாலரிலேயே செலுத்தி, கட்டணத்தை வங்கி எடுக்க விடுவதே இங்கு மலிவு.

ஆகவே ஒப்பிடவேண்டியது பொருளின் பக்கத்தில் தெரியும் விலையை அல்ல. இரண்டு பக்கங்களிலும் பையைக் கூடையில் போட்டு, சிங்கப்பூர் முகவரியைக் கொடுத்து, பணம் செலுத்தும் பொத்தானுக்கு முந்திய திரைவரை போங்கள். அனுப்பும் செலவும் வரியும் அங்கேதான் முழுதாகத் தெரியும். டாலர் தொகையை அன்றைய விகிதத்தால் பெருக்கி, உங்கள் அட்டையின் கட்டணத்தைச் சேருங்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் தங்கள் விகிதத்தை இணையத்தளத்தில் வெளியிடுகின்றன. இரண்டு விலைகளையும் ஒரே நாளில் பார்ப்பது முக்கியம்.

விலை 400 வெள்ளியைத் தாண்டினால் கணக்கு மாறும். வரி பெரும்பாலும் பொருள் இங்கே வந்துசேரும்போது வசூலிக்கப்படும், கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கக்கூடும்.

அளவு பார்த்து வாங்கும் காலணி, உடை போன்றவற்றில் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். டாலரில் வாங்கியதைத் திருப்பி அனுப்பினால், பணம் திரும்பும் நாளின் விகிதத்தில்தான் வெள்ளியாக மாறும். வங்கி எடுத்த கட்டணம் திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.